ஒப்பந்தப் பக்கத்தில் அச்சு வேறு, பேனா வேறு: எந்த வழியில் பிரிப்பது?

கைபேசியில் எடுத்த ஒப்பந்தப் பக்கத்தை அப்படியே ஓசிஆருக்குக் கொடுத்தால், ஓரத்தில் பேனாவால் எழுதியது அச்சு வரியின் நடுவில் வந்து செருகிக்கொள்ளும். அச்சைப் படிக்கப் பழகிய மென்பொருளுக்குக் கையெழுத்து புரியாது. ஆனாலும் அது சும்மா விடாது, எதையாவது எழுத்தாக்கிப் பக்கத்து வரியோடு ஒட்டிவிடும். அதனால்தான் முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன: மையின் நிறத்தை வைத்துப் பிரிப்பது, அதே ஒப்பந்தத்தின் சுத்தமான கோப்பு இருந்தால் அதைக் கழிப்பது, பக்கத்தில் இருக்கும் இடத்தை வைத்துப் பிரிப்பது, பயிற்சி கொடுத்த மாதிரியை வைத்துப் பிக்சல் பிக்சலாகப் பிரிப்பது. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. பேனா என்ன நிறம், அது அச்சைத் தொடுகிறதா, சுத்தப் பிரதி கையில் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் தேர்வு ஓரளவு தானாகவே அமைந்துவிடும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். சேவை ஒப்பந்தம் ஒன்றின் நான்காம் பக்கம், ஏ4 தாள், 11 புள்ளி எழுத்து. 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது, மஞ்சள் விளக்கின் கீழே. தாளின் நீளம் படத்தில் சுமார் 3400 பிக்சல் வருகிறது, அதாவது ஏறக்குறைய 290 டிபிஐ. பிரிவு 7.2இல் “30 நாட்களுக்குள்” என்பதில் 30 மட்டும் நீலப் பேனாவால் அடிக்கப்பட்டு, மேலே 45 என்று எழுதியிருக்கிறது. இடது ஓரத்தில் இன்னொருவர் கறுப்புப் பேனாவால் மூன்று வரி எழுதியிருக்கிறார். அதில் ஓர் எழுத்தின் வால் நீண்டு, அச்சு வரியின் முதல் எழுத்தைத் தொடுகிறது. வலது ஓரத்தில் 7.3, 7.4 இரண்டையும் சேர்த்து நீலத்தில் ஓர் அடைப்புக்கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் வரக்கூடிய ஓர் ஆபத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையெழுத்தை எடுத்துவிட்டு அச்சை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டால், அடிக்கப்பட்ட 30 மறுபடி உயிரோடு வந்துவிடும். ஓசிஆர் அதைத் தெளிவாகப் படிக்கும். படிப்பவருக்கு அது அடிக்கப்பட்டது என்று தெரிய வழியே இருக்காது. பழைய நோட்டுப்புத்தகப் பக்கத்தில் இது குறை, ஒப்பந்தத்தில் இது பணத்தையும் கெடுவையும் மாற்றுகிற பிழை. ஆகவே அச்சு லேயர், பேனா லேயர் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும்: பேனா அச்சைத் தொடுகிற இடங்களின் பட்டியல். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த மூன்றாவதை அது எவ்வளவு நன்றாகத் தருகிறது என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன்.

நிறம்

நீலமோ சிவப்போ பச்சையோ, கறுப்பைத் தவிர எந்தப் பேனாவாக இருந்தாலும் முதலில் முயல வேண்டியது இதுதான். பயிற்சித் தரவு வேண்டாம், எழுத்து எந்த மொழி என்ற கவலை இல்லை, பேனா பக்கத்தில் எங்கே ஓடினாலும் பிடித்துவிடலாம்.

ஆனால் பலர் செய்வதுபோல நேராக “நீல வரம்பு” ஒன்றை வைத்து வடிகட்டினால் மஞ்சள் விளக்கில் எடுத்த படம் ஏமாற்றும். தாள் மஞ்சளடித்திருக்கும், அச்சுக் கறுப்போ கிட்டத்தட்ட நிறமற்றது. அந்தத் தாளோடு ஒப்பிட்டால் கறுப்பு எழுத்தே நீலப் பக்கம் சாய்ந்ததாகக் கணக்கில் வரும், பாதி அச்சு பேனா லேயருக்குப் போய்விடும். இதற்கு மருந்து, நிறத்தைப் பார்ப்பதற்கு முன் தாளை வெள்ளையாக்குவது. ஒவ்வொரு இடத்திலும் தாளின் நிறம் என்ன என்று மதிப்பிட்டு, படத்தை அதனால் வகுக்க வேண்டும். எழுத்துகள் பக்கத்தில் பாதி இடத்தைக்கூட அடைப்பதில்லை. அதனால் பெரிய ஜன்னலில் மீடியன் எடுத்தால் தாளின் நிறம்தான் கிடைக்கும். வகுத்தபின் விளக்கின் மஞ்சளும், கை நிழலும் சேர்ந்தே போய்விடும். பக்கத்தின் நான்கு மூலைகளைப் பிடித்து நேராக்கிய படத்தில் ஓபன்சிவி கொண்டு இப்படிச் செய்யலாம்:

```python
import cv2
img  = cv2.imread("page4.png")
bg   = cv2.medianBlur(img, 101)
flat = cv2.divide(img, bg, scale=255)
L, a, b = cv2.split(cv2.cvtColor(flat, cv2.COLOR_BGR2LAB))
ink  = cv2.adaptiveThreshold(L, 255, cv2.ADAPTIVE_THRESH_GAUSSIAN_C,
                             cv2.THRESH_BINARY_INV, 51, 15)
blue = (ink > 0) & (b < 118)
```

இங்கே `b` என்பது மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையிலான அளவுகோல். 128 என்றால் நிறமற்றது, அதற்குக் கீழே போகப் போக நீலம். 118 என்ற எல்லையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அச்சு மட்டும் இருக்கும் ஒரு பத்தியில் `b` எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். சிவப்புப் பேனா என்றால் `a` 128க்கு மேலே போகும்.

அடுத்த சிக்கல் ஜேபெக். பெரும்பாலான கைபேசிப் படங்கள் 4:2:0 என்ற முறையில் சேமிக்கப்படுகின்றன. வெளிச்சம் முழுத் துல்லியத்தில் இருக்கும், நிறம் மட்டும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சுருங்கியிருக்கும். நம் பக்கத்தில் 0.4 மி.மீ. பேனாக் கோடு சுமார் 4 அல்லது 5 பிக்சல் அகலம் வரும். நிறத்தில் அது இரண்டு பிக்சல்தான், ஆனாலும் தாங்கும். இதே பக்கம் 150 டிபிஐ அளவுக்குச் சுருங்கி வந்திருந்தால் கோடு இரண்டு பிக்சல்தான், நிறத்தில் ஒற்றைப் பிக்சல். அப்போது நீலம் பக்கத்து எழுத்தில் வழியும், அல்லது வெளுத்துச் சாம்பலாகிவிடும். செய்தி ஆப் வழியாக வந்த படத்தில் இந்த வழி தோற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஸ்கேனர் ஆப்பில் “கறுப்பு வெள்ளை” போட்டு அனுப்பிய படத்தில் நிறமே கிடையாது, அங்கே இந்த வழியை யோசிக்கவே வேண்டாம். மூலப் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை.

இன்னொன்று: பிக்சலுக்குப் பிக்சல் முடிவெடுக்காமல், ஒட்டியிருக்கும் பிக்சல் கூட்டத்துக்கு ஒரே முடிவாக எடுப்பது நல்லது. லென்ஸின் குறையால் கறுப்பு எழுத்தின் விளிம்பிலும் மெல்லிய நீலமோ சிவப்போ படியும். தனிப் பிக்சலாகப் பார்த்தால் அச்செழுத்தைச் சுற்றி நீலப் பொடி தூவியதுபோல் வரும். கூட்டமாகப் பார்த்து, பாதிக்கு மேல் நீலமாக இருந்தால் பேனா என்று வைத்தால் அது அடங்கிவிடும். பேனா அச்சைத் தொடும் கூட்டத்துக்கு மட்டும் இந்த வாக்கெடுப்பு உதவாது, அங்கே பிக்சல் அளவில்தான் போக வேண்டும்.

பொடி நீக்குகிறேன் என்று சிறிய கூட்டங்களை அழிக்கும்போது தமிழ் அச்சில் கவனம் தேவை. 290 டிபிஐயில் ஒரு புள்ளி ஐந்தாறு பிக்சல் விட்டம்தான் இருக்கும், பரப்பு முப்பது பிக்சலைத் தொட்டால் அதிகம். ஐம்பதுக்குக் கீழே எல்லாவற்றையும் அழித்தால் மெய்யெழுத்தெல்லாம் அகரமேறிய உயிர்மெய்யாகிவிடும். ஆங்கில ஆவணத்துக்கு எழுதிய நிரலை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் பார்க்க வேண்டிய முதல் எண் இதுதான். தொகையில் வரும் தசமப் புள்ளியும் இதே அளவுதான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த எண்ணைத் தாராளமாக வைக்க மனம் வராது.

நம் பக்கத்தில் நிறம் எதைப் பிடித்தது? 45, அடைப்புக்கோடு, சுருக்கொப்பம் மூன்றும் முழுமையாக வந்துவிடும். 30ஐ அடித்த கோடு துண்டு துண்டாக வரும். நீலம் கறுப்பின் மேல் ஓடும் இடத்தில் படம் வெறும் கறுப்பையே காட்டும். எனவே அந்தப் பிக்சல்கள் அச்சு லேயரில் தங்கிவிடும், பேனா லேயரில் கோடு எண்களின் இடைவெளியில் மட்டும் தெரியும். இந்தத் துண்டுகளே போதும். அவற்றின் நேர்கோட்டை நீட்டினால் ஒரு சொல்லின் பெட்டியைக் கடக்கிறதா என்று தெரிந்துவிடும். கறுப்புப் பேனாவின் மூன்று வரி? ஒன்றும் வராது. அவை அப்படியே அச்சு லேயரில் இருக்கும்.

சுத்தக் கோப்பைக் கழிப்பது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை, எனக்கு அது வியப்பாகவே இருக்கிறது. ஒப்பந்தம் என்பது யாரோ தட்டச்சு செய்து அச்செடுத்தது. அந்தக் கோப்பு தரப்பினரில் ஒருவரிடமாவது இருக்கும். அது கிடைத்தால் எது அச்சு என்று ஊகிக்க வேண்டியதில்லை. கோப்பில் இருப்பது அச்சு, படத்தில் கூடுதலாக இருப்பது பேனா. கறுப்புப் பேனாவோ நீலமோ, கவலை இல்லை.

செய்முறை இப்படி. கோப்பின் நான்காம் பக்கத்தை 300 டிபிஐயில் படமாக்க வேண்டும், `pdftoppm -f 4 -l 4 -r 300 -png` போதும். அந்தப் படத்துக்கும் புகைப்படத்துக்கும் பொதுவான புள்ளிகளைக் கண்டுபிடித்து, `cv2.findHomography` கொண்டு ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்த வேண்டும். பிறகு கோப்பின் எழுத்தை இரண்டு மூன்று பிக்சல் தடிமனாக்கி, அந்த இடத்தைப் புகைப்படத்தின் மையிலிருந்து நீக்கினால் மிஞ்சுவது பேனா.

இது தோற்கும் இடம் தாளின் வளைவு. மேலே சொன்ன பொருத்தம் தாள் தட்டையாக இருக்கிறது என்று நம்பிச் செய்வது. முதுகு தைத்த ஒப்பந்தத்தில் தைத்த பக்கம் தாள் எழும்பி வளையும். அங்கே நாலைந்து பிக்சல் விலகினாலே ஒவ்வொரு அச்செழுத்துக்கும் ஒரு பக்கம் மெல்லிய பிறை மாதிரி மிச்சம் நிற்கும். மிச்சப் படத்தில் பிறைகள் வரிசையாகத் தெரிந்தால் அது பேனா அல்ல, பொருத்தம் தவறியது. முழுப் பக்கத்தையும் ஒரேயடியாகப் பொருத்துவதை விட்டு, வரி வரியாக, தேவைப்பட்டால் சொல் சொல்லாக மறுபடி நகர்த்திப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தடிமனை ஏற்றிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் அச்சுக்கு நெருக்கமாக எழுதிய பேனாவும் சேர்ந்து போகும். நம் பக்கத்தில் முதலில் பலியாவது 30ஐ அடித்த கோடுதான்.

இன்னொரு தோல்வி, பயனுள்ள தோல்வி. கையெழுத்தான பிரதியும் நம்மிடம் இருக்கும் கோப்பும் ஒரே பதிப்பு இல்லையென்றால், எங்கே ஒரு சொல் கூடியிருக்கிறதோ அந்த வரியிலிருந்து கீழே எல்லாம் நகர்ந்து, மிச்சப் படம் முழுக்க எழுத்தாக நிறைந்துவிடும். அது கண்டிப்பாகத் தெரிய வேண்டிய செய்தி. அதனாலேயே, “அச்சு வாசகம் கோப்பிலேயே இருக்கிறதே, படத்திலிருந்து எதற்குப் படிக்க வேண்டும்” என்று விட்டுவிடக் கூடாது. படத்தின் அச்சையும் ஓசிஆரில் படித்து, கோப்போடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் கோப்பை நம்ப வேண்டும்.

இடம்

அச்சுப் பத்திகளின் இடது வலது எல்லையைக் கண்டுபிடித்து, அதற்கு வெளியே இருப்பதெல்லாம் ஓரக்குறிப்பு என்று வெட்டுவது. டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளை `tesseract page4.png out --psm 3 tsv` என்று ஓட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பெட்டியும், எவ்வளவு உறுதியாகப் படித்தது என்ற `conf` எண்ணும் கிடைக்கும். தமிழ் ஒப்பந்தம் என்றால் `-l tam` சேர்க்க வேண்டும். உறுதி அதிகமான சொற்களின் இடது எல்லையை மட்டும் எடுத்தால் அச்சின் ஓரம் எங்கே என்று தெளிவாகத் தெரியும்.

குறிப்புகள் எல்லாம் ஓரத்தோடு நிற்கின்றன, நூற்றுக்கணக்கான பக்கங்களை வேகமாகத் தள்ள வேண்டும் என்றால் இது போதும். நம் பக்கத்துக்குப் போதாது. 45 வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. கறுப்புக் குறிப்பின் வால் அச்சுக்குள் நுழைந்திருக்கிறது, வெட்டினால் அறுபடும். பிரிவு எண்களான 7.2, 7.3 எல்லாம் பத்தியிலிருந்து வெளியே தள்ளி அச்சாகியிருந்தால் அவையும் குறிப்பு என்று போய்விடும். அது நடந்ததா என்று பார்ப்பது சுலபம்: பேனா லேயரில் ஒரே செங்குத்துக் கோட்டில் அடுக்கிய எண்கள் தெரியும்.

பயிற்சி பெற்ற மாதிரி

கறுப்புப் பேனா, சுத்தக் கோப்பு இல்லை, குறிப்பு அச்சைத் தொடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு வழியில்லை. வழக்கமாகப் பயன்படுவது யூ-நெட் வகை. 2015இல் மருத்துவப் படங்களில் செல்களைப் பிரிக்க வந்த அமைப்பு, ஆவணங்களுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டிக் கொடுத்தால் ஒவ்வொரு பிக்சலும் தாளா, அச்சா, பேனாவா என்று சொல்லும்.

தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: ஒரு பிக்சல் அச்சாகவும் பேனாவாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாமா? பல மாதிரிகள் மூன்றில் ஒன்றைத்தான் சொல்லும். அப்படியானால் குறுக்கே ஓடும் இடத்தில் ஒன்று ஜெயித்து மற்றது அறுபடும். பேனா ஜெயித்தால் 30 உடைந்து ஓசிஆர் அதை வேறு எண்ணாகப் படிக்கும். அச்சுக்கும் பேனாவுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை சொல்லும்படி கடைசி அடுக்கை வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். மூன்றாவது பட்டியலும் தானாகக் கிடைத்துவிடும், இரண்டுக்கும் ஆம் வந்த இடங்கள்தான் அது.

மாதிரியை விடக் கடினம் தரவு. ஒவ்வொரு பிக்சலையும் கையால் குறிக்க ஆளில்லை. சுத்தமான அச்சுப் பக்கங்கள்மேல் கையெழுத்துப் படங்களைக் கணினியிலேயே ஒட்டிப் பயிற்சி கொடுப்பது வழக்கம். ஆனால் ஒட்டிய கையெழுத்து ஒட்டியதுபோலவே இருக்கும், தாளின் நிழலும் மங்கலும் அதில் இருக்காது. இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அச்சுப் பக்கங்களில் சிலரை நீலப் பேனாவால் அடிக்கவும், கோடிடவும், ஓரத்தில் எழுதவும் சொல்லுங்கள். படமெடுத்து, மேலே சொன்ன நிறவழியில் பிரியுங்கள், விடை கிடைத்துவிட்டது. பிறகு அதே படத்தைச் சாம்பல் நிறமாக்கி மாதிரிக்குக் கொடுங்கள். நிறம் இல்லாமலே பேனாவின் அசைவையும் தடிமன் மாற்றத்தையும் வைத்து அது கற்றுக்கொள்ளும். மறக்கக் கூடாத ஒன்று, குறுக்கே ஓடும் இடங்களில் நிறவழியின் விடையில் இடைவெளி இருக்குமே, அவற்றை மட்டும் கையால் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் மாதிரியும் அதே இடைவெளியைக் கற்றுக்கொள்ளும்.

இதன் தோல்விகள் சத்தமில்லாதவை. சாய்வெழுத்தில் அச்சான வாசகத்தையும் ரப்பர் முத்திரையையும் பேனா என்று சொல்லக்கூடும். கட்டம் கட்டமாக எழுதுகிறவரின் எண்களை அச்சு என்று சொல்லக்கூடும். ஒப்பந்தத்தில் கையால் நிரப்பும் தேதியும் தொகையும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகின்றன என்பதால், எண்கள் இருக்கும் இடங்களை மட்டுமாவது ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

நான் எடுக்கும் வரிசை

நம் பக்கத்துக்கு ஒரே வழி போதாது. முதலில் நிறம், அது அச்சின்மேல் ஓடாத நீலம் முழுவதையும் எடுத்துவிடும். மிஞ்சியதில் கறுப்புக் குறிப்பு இருக்கிறது. கோப்பு கிடைத்தால் அதைக் கழிப்பேன், மாதிரியைத் தொடவே மாட்டேன். கிடைக்காவிட்டால் முழுப் பக்கத்தையும் மாதிரிக்குக் கொடுக்காமல், ஓரத்தையும் அதை ஒட்டிய முதல் இரண்டு மூன்று எழுத்துகளின் அகலத்தையும் மட்டும் கொடுப்பேன். தவறு நேரக்கூடிய பரப்பு அவ்வளவாகக் குறைகிறது. நடுப்பக்க அச்சை மாதிரி தொட முடியாது என்பதே பெரிய நிம்மதி. இடவழி இங்கே தனி வழியாக இல்லாமல் எல்லை போடும் வேலையைச் செய்கிறது, அந்த வேலைக்கு அது மிகப் பொருத்தம்.

அப்புறம் தொடும் இடங்களின் பட்டியல். பேனா லேயரில் படுக்கையாக ஓடும் ஒவ்வொரு கோட்டுக்கும், அது சொல்லின் பெட்டியில் எந்த உயரத்தில் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். எழுத்தின் நடு உயரத்தில் கடந்தால் அடித்தது, அடிவரிக்குக் கீழே ஓடினால் அடிக்கோடு. நம் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் இடையே சுமார் பத்துப் பிக்சல்தான் வித்தியாசம். அச்சு வரி 160 மி.மீ., அதாவது 1800 பிக்சல் நீளம். பக்கம் ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலே வரியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 30 பிக்சல் உயரம் மாறும். அதனால் உயரத்தை வரியின் தொடக்கத்திலிருந்து அளக்காமல் அந்தந்தச் சொல்லின் பெட்டியிலிருந்தே அளக்க வேண்டும். அடித்த சொல் என்று முடிவானால் அச்சு வாசகத்திலிருந்து அதை நீக்காதீர்கள். `30` அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் அடிக்கப்பட்டது என்ற குறியும், மேலே எழுதிய 45இன் பெட்டி எண்ணும் இருக்கட்டும். நீக்குவதா வேண்டாமா என்பது ஒப்பந்தத்தைப் படிக்கிறவர் எடுக்க வேண்டிய முடிவு. அந்த மாற்றத்துக்குப் பக்கத்தில் இரு தரப்பின் சுருக்கொப்பமும் இருக்கிறதா என்று அவர் தேடுவார். நம் பக்கத்தில் இருக்கும் ஒரே சுருக்கொப்பம் 7.3க்கும் 7.4க்கும் எதிரே இருக்கிறது, 7.2க்கு எதிரே எதுவும் இல்லை. பேனா லேயரை இடக்குறிப்போடு சேமித்திருந்தால்தான் அது அவர் கண்ணில் படும்.